பிழிவதல்ல செரிமானம்

பிளாஸ்டிக் பை ஒன்று, ட்யூப் துண்டு ஒன்று, பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்று. இவற்றை வைத்துச் செரிமான மண்டலத்தைச் செய்து காட்டும் பாடம் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பல காலமாக நடக்கிறது. இணையம் வழியே நம் ஆசிரியர்களையும் அது எட்டியிருக்கிறது. ரொட்டியையும் வாழைப்பழத்தையும் பிசைந்து பைக்குள் போட்டு, புளிப்பான ஏதோ ஒன்றை ஊற்றிக் கசக்குவார்கள். கூழானதும் அதை ஸ்டாக்கிங்குக்கு மாற்றிப் பிழிவார்கள். கீழே தட்டில் வடியும் நீர்தான் ‘ரத்தத்துக்குப் போன சத்து’, உள்ளே தங்குவது ‘கழிவு’. கையெல்லாம் பிசுபிசுக்க வகுப்பே சிரிக்கும். பாடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் கடைசிக் காட்சி குழந்தை மனதில் பதிக்கும் செய்தி தவறு. பாடத்தைக் கைவிட வேண்டியதில்லை; ஒரு சொட்டு அயோடின் சேர்த்தால் அந்தத் தவறே நல்ல பாடமாகிவிடும்.

ட்யூபிலிருந்து தொடங்குவோம். இதுதான் உணவுக்குழல், பெரியவர்களுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர். தண்ணீர் பாய்ச்சும் கெட்டியான குழாயை எடுத்தால் பயனில்லை. அதை நிமிர்த்திப் பிடித்து உணவைச் சரியவிடுவதைத் தவிர வேறு வழியிருக்காது. புவியீர்ப்புதான் உணவை இறக்குகிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். கழித்துப்போட்ட சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, கழுவி, உள்ளே சோப்பு நீர் தடவி, ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். குண்டுக்குப் பின்புறமாக விரல்களால் நெருக்கிக்கொண்டே வந்தால் அது முன்னே நகரும். ட்யூபைப் படுக்கவைத்தாலும் நகரும், மேல்நோக்கிப் பிடித்தாலும் நகரும். படுத்துக்கொண்டு விழுங்கிய கவளமும் வயிற்றுக்குப் போய்ச் சேருவது இந்த அலை இயக்கத்தால்தான்.

அடுத்தது பை. ஜிப் வைத்த கெட்டியான பையில் இரண்டு துண்டு ரொட்டி, அரை வாழைப்பழம், அரை டம்ளர் தண்ணீர், இரண்டு கரண்டி வினிகர் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, ஐந்து நிமிடம் கசக்கினால் கூழாகிவிடும். இரைப்பையின் சுவர்த் தசைகள் செய்யும் கலக்கும் வேலையை இது நேர்மையாகவே காட்டுகிறது. ஆனால் கூழாவது வேறு, செரிப்பது வேறு. பைக்குள் ரொட்டி நொறுங்கியிருக்கிறதே தவிர, அதன் மாவுச்சத்து அப்படியே மாவுச்சத்தாகத்தான் இருக்கிறது. வினிகர் அமிலத்தைக் காட்டலாம், அமிலத்தோடு சேர்ந்து புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதி இங்கே இல்லை.

இந்த வேறுபாட்டைக் கண்டறிந்ததும் ஒரு குழாயும் ஒரு பையும்தான் என்பது அழகான பொருத்தம். வயிறு உணவை அரைத்துத்தான் செரிக்கிறது என்று 18-ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். பிரான்சின் ரெயாமூர், இறைச்சியைச் சிறிய உலோகக் குழாய்க்குள் வைத்து, இரு முனைகளிலும் கம்பிவலை கட்டி, ஒரு பருந்துக்கு ஊட்டினார். எந்த அரைப்பும் உள்ளே எட்ட முடியாது. செரிக்காத பொருளைக் கக்கிவிடுவது பருந்தின் இயல்பு. அது கக்கிய குழாயில் இறைச்சி கரைந்து குறைந்திருந்தது. 1752-இல் இதை எழுதினார். பின்னர் இத்தாலியின் ஸ்பல்லான்சானி, மென்ற ரொட்டியைச் சிறு லினன் பையில் வைத்துத் தைத்துத் தானே விழுங்கினார். பை வெளியே வந்தபோது உள்ளே ரொட்டி இல்லை. துணியின் வழியே நுழைந்த ஏதோ ஒரு சாறு ரொட்டியைக் கரைத்திருக்கிறது, நசுக்கல் அல்ல.

இப்போது ஸ்டாக்கிங். கூழை ஊற்றிப் பிழியுங்கள். கலங்கிய நீர் வடியும். வழக்கமான பாடம் இங்கே முடிகிறது. நம் பாடம் இங்கேதான் தொடங்க வேண்டும். வடிந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து, மருந்துக்கடை டிங்சர் அயோடினை இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பு நிறச் சொட்டு கருநீலமாகும். அதாவது ஸ்டாக்கிங் வெளியே விட்டது சத்தை அல்ல, வெட்டப்படாத மாவுச்சத்தை. நிஜமான குடல் இதை ஒருபோதும் விடாது. சிறுகுடலின் உட்சுவர் ஓட்டைகள் நிறைந்த வலை அல்ல. நெருங்கி ஒட்டிய உயிரணுக்களின் ஒற்றை அடுக்கு. கணைய நீரும் குடல் சுவரின் நொதிகளும் மாவுச்சத்தை குளுக்கோஸ் அளவுக்கு வெட்டிய பிறகுதான், அந்த உயிரணுக்கள் அதைத் தம் வழியே ரத்தத்துக்கு ஏற்றுகின்றன. யாரும் பிழிவதில்லை.

அப்படியானால் வெட்டுவது எப்படி இருக்கும்? அதையும் காட்டிவிடலாம். வடித்த கஞ்சியைப் பத்து மடங்கு நீர் விட்டு நீர்த்து, மூன்று சிறு டம்ளர்களில் ஒரு கரண்டி வீதம் ஊற்றுங்கள். முதலாவதில் வெறும் நீர், இரண்டாவதில் ஒரு பிள்ளையின் உமிழ்நீர், மூன்றாவதில் அதே பிள்ளையின் உமிழ்நீரோடு ஒரு கரண்டி வினிகர். மூன்றையும் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, அயோடின் விடுங்கள். முதலாவது கருநீலம். இரண்டாவது பழுப்பாகவே நிற்கும். உமிழ்நீரின் அமைலேஸ் மாவுச்சத்தை வெட்டிவிட்டது. மூன்றாவது மறுபடியும் நீலம்: அமிலத்தில் அமைலேஸ் வேலை செய்யாது. வாயில் தொடங்கிய மாவுச்சத்துச் செரிமானம் இரைப்பையின் அமிலத்தில் நின்றுபோய், சிறுகுடலில் மீண்டும் தொடங்குவதன் காரணம் இதுதான். இரண்டாவது டம்ளரும் நீலமானால் கஞ்சி கெட்டியாக இருந்திருக்கும், அல்லது கொதிக்கக் கொதிக்க இருந்து நொதியைக் கெடுத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பல செய்முறைகள் வயிற்று அமிலத்துக்கு ஆரஞ்சுச் சாறு சொல்கின்றன. நம் வீட்டில் எலுமிச்சைதான் முதலில் கைக்கு வரும். இரண்டும் வேண்டாம். அவற்றிலுள்ள வைட்டமின் சி, அயோடினின் நிறத்தையே அழித்துவிடும். மாவுச்சத்து முழுதாக இருந்தாலும் நீலம் வராது. ‘எல்லாம் செரித்துவிட்டது’ என்று வகுப்பு கைதட்டும். சந்தேகம் வந்தால் இன்னும் சில சொட்டு விட்டுப் பாருங்கள். வைட்டமின் சி தீர்ந்ததும் நீலம் தலைகாட்டும்.

ஸ்டாக்கிங்கின் இன்னொரு குறை அதன் வழவழப்பு. நிஜக் குடலின் உட்புறம் மடிப்பும், மடிப்பின் மேல் விரல் விரலான குடலுறிஞ்சிகளும், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய இழைகளுமாக இருக்கிறது. அந்தப் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று பாடநூல்கள் நெடுநாள் சொல்லிவந்தன. 2014-இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து சுமார் 30 சதுர மீட்டர் என்றார்கள்; ஒரு பெரிய அறையின் தரை. ஆசிரியர்கள் பழைய எண்ணை விட்டுவிடலாம்.

மிஞ்சிய கூழை உறிஞ்சு தாளில் கொட்டி, ‘பெருங்குடல் நீரை உறிஞ்சுகிறது’ என்று முடிப்பது வழக்கம். இதுவும் பாதி உண்மைதான். நாம் குடிப்பதும் உடலே சுரப்பதுமாக நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலுக்கு எட்டுவது ஒன்றரை லிட்டர் போல. ஆகவே ஸ்டாக்கிங்கிலேயே நன்றாகப் பிழிந்துவிட்டு, எஞ்சிய ஈரத்தை மட்டும் தாளுக்கு விடுங்கள். நீரின் விஷயத்தில் மட்டும் அந்த நைலான் துணி குடலோடு ஓரளவு ஒத்துப்போகிறது.