40 மில்லிவினாடியின் விலை

2019-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ ஒரு துப்பாக்கியில் ஐந்து அட்டாச்மென்ட்கள் வரை பூட்டவிட்டது. அதில் மோனோலித்திக் சப்ரெஸர் சத்தத்தை அடக்கி ரேஞ்சையும் கூட்டியது. பதிலுக்குக் கையாளும் வேகம் சற்றுக் குறைந்தது. சிறிய மேப்களில் அதைப் பூட்டுவதா வேண்டாமா என்று யோசிக்க இடமிருந்தது. அடுத்த ஆண்டு அதே துப்பாக்கிகள் வார்ஸோனுக்குள் போனதும் நீண்ட பேரலும் இந்த சப்ரெஸரும் இல்லாத ரைஃபிளைப் பார்ப்பதே அரிதானது. பரந்த மேப்தான் காரணம் என்பார்கள். அது பாதிக் காரணம். மற்ற பாதி, 100 ஆக இருந்த எதிராளியின் உயிர் கவசத்தோடு சேர்ந்து 250 ஆனது.

ஒரு கற்பனை ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 குண்டு, அதாவது குண்டுக்குக் குண்டு 75 மில்லிவினாடி. சேதம் 30 மீட்டர் வரை 25, அதற்கப்பால் 20. நீண்ட பேரல் அந்த எல்லையை 36 மீட்டருக்குத் தள்ளுகிறது. குறிபார்க்கும் நேரத்தில் 40 மில்லிவினாடி கூட்டுகிறது.

100 உயிருக்கு 25 சேதத்தில் நான்கு குண்டு, 20 சேதத்தில் ஐந்து. ஆக, அந்த ஆறு மீட்டர் பட்டைக்குள் பேரலின் லாபம் 75 மில்லிவினாடி. 250 உயிருக்கோ பத்துக் குண்டு, பதின்மூன்று குண்டு, லாபம் 225. செலவு அதே 40. பேரலில் கைவைக்காமலே அதன் மதிப்பு மூன்று மடங்காகிவிட்டது. மெனுவில் தெரியும் பச்சை, சிவப்புப் பட்டைகள் இதைச் சொல்லாது.

லாபம் அந்தப் பட்டைக்குள் நடக்கும் சண்டைகளுக்கு மட்டும். செலவோ, குறிபார்க்காத நிலையில் தொடங்கும் எல்லாச் சண்டைகளிலும் விழும். முதல் வகை பத்தில் ஒன்று, இரண்டாவது பாதி என்று வைத்தால், சிறிய மேப்பில் சராசரி லாபம் 7.5, செலவு 20. அங்கே அந்தப் பேரல் நஷ்டம்.

ரீகாயிலையும் இதே அளவுகோலுக்குக் கொண்டுவரலாம்; தவறிய ஒவ்வொரு குண்டும் 75 மில்லிவினாடி. ஆனால் மேல்நோக்கிய உதைப்பு ஒரே சீராக இருந்தால், பழகிய கை அதைத் தானே கீழே இழுத்துச் சரிசெய்துவிடும். அதைக் குறைக்கும் கிரிப் புதியவருக்கு வரம், தேர்ந்தவருக்கு வீண் செலவு. இடம் வலமாகத் தற்செயலாக விலகுவதை எந்தக் கையும் முன்கூட்டி அறியாது. எனவே இரண்டையும் ஒரே ‘ரீகாயில்’ எண்ணுக்குள் அடைக்கும் டிசைனரின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. வெறுமனே சுவரில் சுட்டு ஓட்டைகளை எண்ணுவதும் போதாது. ஆட்டக்காரர் உதைப்பைச் சரிசெய்தபடி சுட்ட பிறகு மிஞ்சும் சிதறலைத்தான் அளக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு வேண்டியவை மூன்று பதிவுகள்: முதல் குண்டின்போது இருந்த தூரம், ஆட்டக்காரர் அப்போது குறிபார்த்துக்கொண்டிருந்தாரா, எத்தனை குண்டு தவறியது. கொலைக்கணக்கை மட்டும் சேமித்தால் போதாது. அதில் தோற்றவரின் துப்பாக்கி எவ்வளவு தாமதமாக உயர்ந்தது என்பது இருக்காது.