இரண்டு நாள் மௌனம்: காதுக்கும் வயிற்றுக்கும் ஒரே அளவு!

வெள்ளிக்கிழமை மாலை இருபது பேர் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை யாரும் யாருடனும் பேசுவதில்லை. படிக்கிறார்கள்; யோசிக்கிறார்கள்; ஜெபிக்கிறார்கள்; சாப்பிடுகிறார்கள்; தூங்குகிறார்கள். அவ்வளவுதான்!

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் இதைத் "தியானம்" என்கிறார்கள். "ஞான ஒடுக்கம்" என்பது பழைய பெயர். ஆமை தன் உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல மனிதன் தனக்குள்ளே ஒடுங்குவது. பொருத்தமான பெயர்தான்.

ஆனால், இப்படி நடக்கும் பல தியானங்களில் ஒரு குறை இருக்கிறது. வந்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நடத்துகிறவர்கள் மூடுவதில்லை! சனிக்கிழமை ஒரு நாளில் மட்டும் ஆறு பிரசங்கம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வந்தவர்களுக்கு எங்கே மௌனம்?

இரண்டு நாளில் எல்லாப் பேச்சும் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இதுவே என் கருத்து. இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. இந்த முறையை வகுத்தவரே சொன்னதுதான்.

போர்வீரர் எழுதிய நூல்

அவர் பெயர் இஞ்ஞாசியார். ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ம் ஆண்டு பீரங்கிக் குண்டு பாய்ந்து அவர் கால் உடைந்தது. படுக்கையில் கிடந்தபோது மனம் மாறினார். மறு ஆண்டு மன்ரேசா என்ற ஊருக்குப் போய்த் தனிமையில் ஜெபத்தில் இருந்தார். அங்கே அனுபவத்தில் கண்டதைக் குறித்து வைத்தார். அதுவே "ஆன்மீகப் பயிற்சிகள்" என்ற நூலாக வளர்ந்தது. 1548-ல் போப்பாண்டவர் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

அவர் தொடங்கியதுதான் சேசு சபை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அந்தச் சபையைச் சேர்ந்தவர்.

முழுப் பயிற்சிக்குச் சுமார் முப்பது நாள் ஆகும். குடும்பஸ்தர்களுக்கு அது முடியாது. ஆகவே, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு நாளில் நடத்துகிறார்கள். அந்தக் "கொஞ்சம்" எது என்பதில்தான் தவறு நேர்கிறது.

நூலின் தொடக்கத்திலேயே இஞ்ஞாசியார் வழிகாட்டிக்கு ஒரு விதி சொல்கிறார். வேதத்தில் உள்ள நிகழ்ச்சியைச் சுருக்கமாக எடுத்துச் சொல், நீட்டாதே என்கிறார். காரணமும் சொல்கிறார். நிறையத் தெரிந்துகொள்வதால் மனம் நிறைவதில்லை. ஒன்றை உள்ளுக்குள் உணர்ந்து ருசிப்பதால்தான் நிறைகிறது.

ருசி! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நான்கு பலகாரத்தை அவசரமாக விழுங்குகிறவனுக்கு எதன் ருசியும் தெரியாது. பிரசங்கமும் அப்படியே.

ஒரு மணி நேரக் கணக்கு

இருபது பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டுப் பார்ப்போம்.

வெள்ளி இரவு: பதினைந்து நிமிடப் பேச்சு. வேதத்தில் 139-ம் சங்கீதம் வாசிக்கப்படுகிறது. பிறகு மௌனம் தொடங்குகிறது. கைப்பேசிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட ஒரே ஒரு எண்ணைக் குடும்பத்தாரிடம் முன்பே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு இங்கே இருக்கும். மனம் வீட்டில் இருக்கும்.

சனி காலை 6.30 மணி: பதினைந்து நிமிடப் பேச்சு. லூக்கா நற்செய்தி 15-ம் அதிகாரத்தில், வீட்டை விட்டுப் போன மகனின் கதை. அதன்பின் முக்கால் மணி நேரம் தனி ஜெபம்.

காலை 10 மணி: இப்போது புதிய பேச்சு இல்லை. அதே கதைக்கு மறுபடியும் ஒரு மணி நேரம். காலையில் எந்த இடம் மனத்தைத் தொட்டதோ, எந்த இடம் உறுத்தியதோ, அங்கேயே போய் நிற்க வேண்டும். திரும்பச் செய்வது இஞ்ஞாசியாரின் முறையிலேயே உள்ளது. இதை வெட்டிவிட்டு அந்த நேரத்தில் இன்னொரு பிரசங்கம் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

மாலை 5.30 மணி: பதினைந்து நிமிடப் பேச்சு. மாற்கு நற்செய்தி 10-ம் அதிகாரத்தில் வரும் குருட்டுப் பிச்சைக்காரர் பர்த்திமேயுவின் கதை. பிறகு முக்கால் மணி நேரம் ஜெபம்.

ஞாயிறு காலை: கடைசிப் பேச்சு. லூக்கா 24-ம் அதிகாரம். எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு பேர், கூட வந்தவர் இயேசு என்று சாப்பாட்டு வேளையில் அறிந்துகொண்ட கதை.

நான்கு பேச்சு, பதினைந்து பதினைந்து நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம்!

ஒவ்வொரு ஜெபத்துக்குப் பிறகும் கால் மணி நேரம் உட்கார்ந்தோ உலாவியோ, அந்த நேரம் எப்படிப் போயிற்று என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். நன்றாகப் போகவில்லை என்றால் ஏன் என்று தேட வேண்டும். இரண்டு வரி எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

எது நல்ல கேள்வி?

பேச்சு முடிந்ததும் யோசிப்பதற்கு ஒரு கேள்வி கொடுப்பது வழக்கம். பலர் ஒரு தாள் நிறைய அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது பரீட்சைத் தாள்! ஒரு வேளைக்கு ஒரே கேள்வி போதும்.

"கடவுளின் அன்பு எவ்வளவு பெரியது?" என்று கேட்டால், கேட்கும்போதே பதில் தெரிந்துவிடுகிறது. யோசிக்க ஒன்றும் இல்லை.

"இந்தக் கதையில் நான் இன்று எங்கே நிற்கிறேன்? தூர தேசத்திலா? கோபத்தோடு வயலிலிருந்து வரும் அண்ணன் பக்கத்திலா? வழி பார்த்து நிற்கும் அப்பா பக்கத்திலா?" என்று கேட்டால், இருபது பேருக்கு இருபது பதில் வரும். பிள்ளையோடு பேசாமல் இருக்கும் தந்தைக்கு அந்த ஒரு கேள்வியே இரண்டு நாளைக்குக் காணும்.

மாலையில், "உனக்கு என்ன வேண்டும் என்று பர்த்திமேயுவிடம் கேட்டதுபோல என்னிடம் கேட்டால், நான் என்ன சொல்வேன்?" ஞாயிறன்று, "திங்கட்கிழமை காலை என் வீட்டில் மாற வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது எது?"

"படிக்காதவர்களும் வருகிறார்களே, அவர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். அந்தப் பகுதியை நிதானமாக இரண்டு முறை உரக்க வாசித்துக் காட்டினால் போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஒரே வரியில் வெகு நேரம் நிற்பார். தியானத்தில் அது குறை அல்ல, அதுதான் வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துச் சோதனை

மௌனம் கலைவது பெரும்பாலும் ஜெபத்தில் அல்ல, சாப்பாட்டில்தான். "உப்பு எங்கே?" என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சு கிளம்பிவிடும்.

ஆறாம் நூற்றாண்டில் மடங்களுக்குச் சட்டம் எழுதிய பெனடிக்ட் முனிவர் இதை அறிந்திருந்தார். சாப்பிடும்போது ஒருவர் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும் என்றார். வேண்டியதைக் கேட்காமலே ஒருவருக்கு ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்டே ஆகவேண்டுமானால் சைகை காட்ட வேண்டும். வாசிப்பவர் பசியால் வாடக்கூடாது என்று, தொடங்குமுன் அவருக்குக் கொஞ்சம் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். அவருக்குச் சாப்பாடு பிறகு, பரிமாறியவர்களோடு.

நமக்கு இது கஷ்டமா? இல்லை. நம் பந்தி வரிசையே இதற்குத் தோதானது. எதிரும் புதிருமாக உட்காராமல் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கண் ஜாடைப் பேச்சு குறையும். போதும் என்பதற்கு இலைமேல் கை காட்டுவது எல்லாருக்கும் தெரியும். உப்பும் தண்ணீரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

என்ன சாப்பிடுவது? இஞ்ஞாசியார் இதற்கும் எட்டு விதிகள் எழுதினார். ரொட்டி போன்ற அன்றாட உணவைக் குறைக்க அவ்வளவு அவசியம் இல்லை என்கிறார். நமக்கு அது சோறு. ஆசையைத் தூண்டும் பண்டங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். அவசரமாகச் சாப்பிடாதே; நோய் வரும்படி பட்டினி கிடக்காதே என்றும் சொல்கிறார். மன்ரேசாவில் கடும் உபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் அல்லவா!

எட்டாவது விதி மிக நயமானது. அடுத்த வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவது என்பதை இந்த வேளை சாப்பிட்டு முடித்தவுடனே தீர்மானித்துவிடு என்கிறார். அப்போது பசி இல்லை. ஆகவே தீர்ப்பு நேராக இருக்கும். மதியம் கைகழுவும்போதே "இரவுக்கு மூன்று இட்லி" என்று முடிவு செய்துகொள்ளலாம். நான்காவது இட்லி கண்ணுக்கு முன் வந்தாலும் கணக்கு மாறாது.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் இதில் பரீட்சை பார்க்கக்கூடாது. சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லி, வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

எப்போது பேச வேண்டும்?

சனிக்கிழமை மதியத்துக்குமேல் சோர்வு வரும். தூக்கம் வரும். சிலருக்கு அழுகை வரும். "எனக்கு இது ஒத்துவராது, வீட்டுக்குப் போகிறேன்" என்று தோன்றும். அதனால்தான் ஒவ்வொருவரும் அன்று கால் மணி நேரம் வழிகாட்டியிடம் தனியாகப் பேச வேண்டும். அது மௌனத்தைக் கலைப்பது ஆகாது.

இங்கே கணக்கு முக்கியம். இருபது பேருக்குக் கால் மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரம். ஒருவரால் முடியாது. இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் 2.30 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடித்துவிடலாம். ஒருவர்தான் கிடைப்பார் என்றால் பத்துப் பேரை மட்டும் அழையுங்கள்.

அண்மையில் வீட்டில் சாவு கண்டவர்கள், மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் வருமுன்பே வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். தனிமை அவர்களுக்கு மருந்தாகவும் இருக்கலாம், சுமையாகவும் ஆகலாம். வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

தியானம் சரியாக நடக்கிறதா என்று நடத்துகிறவர் எப்படி அறிவது? பேச்சு நடக்கும்போது எல்லாரும் மளமளவென்று எழுதினால், பேச்சு நீண்டுவிட்டது என்று அர்த்தம். பேச்சின்போது வெறுமனே கேட்டுவிட்டு, ஜெபம் முடிந்தபின் ஒன்றிரண்டு வரி எழுதினால், காரியம் நடக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் மௌனம் முடிகிறது. அதையும் பஸ் நிலையத்தில் முடிக்காமல் பந்தியிலேயே முடிப்பது நல்லது. முதல் பத்து நிமிடம் வழக்கம்போல் வாசிப்பு. பிறகு வாசித்தவர் புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "சோறு போடட்டுமா?" என்று கேட்கட்டும்.

இரண்டு நாளுக்குப் பிறகு கேட்கும் அந்த முதல் வார்த்தைக்கும் ஒரு ருசி உண்டு!