'மீனாட்சி' நீளமான பெயரா? ஆன்லைன் படிவங்கள் தமிழ்ப் பெயரை ஏற்க மறுப்பது ஏன்? முழு விளக்கம்

ஆன்லைன் படிவம் ஒன்றில் பெயருக்கான கட்டத்தில் 'அதிகபட்சம் 20 எழுத்துகள்' என்று போட்டிருக்கிறது. அதில் 'மீனாட்சி' என்று தமிழில் டைப் செய்து சமர்ப்பித்தால், 'பெயர் மிக நீளமாக உள்ளது' என்று பதில் வருகிறது. இருப்பதோ மீ, னா, ட், சி என நாலே நாலு எழுத்து. அதே பெயரை ஆங்கிலத்தில் 9 எழுத்தில் கொடுத்தால் உடனே ஏற்றுக்கொள்கிறது.

பெயரில் எந்தத் தவறும் இல்லை. படிவம் எண்ணுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பைட் என்றால் என்ன?

கணினி எந்த எழுத்தையும் எண்களாகத்தான் சேமிக்கும். அந்த எண்ணுக்குத் தேவைப்படும் இடத்தின் அளவுதான் பைட். இன்று இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் முறை யுடிஎஃப்-8. இதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைட் போதும். கிரேக்கம், ரஷ்யன், அரபு எழுத்துகளுக்கு 2 பைட் வேண்டும். யூனிகோட் பட்டியலில் அவற்றுக்குப் பிறகு வரும் இந்தி, தமிழ், தெலுங்கு போன்றவற்றுக்கு 3 பைட் ஆகிவிடுகிறது.

அப்படியென்றால் 4 எழுத்துக்கு 12 பைட் தானே, 20-க்குள் அடங்குமே என்று கேட்கலாம். அடங்காது. காரணம், நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் 'மீ' கணினிக்கு இரண்டு துண்டு. 'ம' ஒன்று, அதன் மேல் வரும் ஈகாரக் குறி இன்னொன்று. 'ட்' என்பதிலும் 'ட' தனி, புள்ளி தனி. இப்படிப் பிரித்தால் மீனாட்சியில் மொத்தம் 8 துண்டுகள். துண்டுக்கு 3 பைட் வீதம் 24 பைட். வரம்பு 20 என்றால், 4 பைட் அதிகம்.

ஆங்கிலத்தில் 9 பைட்டில் முடிந்த பெயருக்குத் தமிழில் 24 பைட் தேவைப்படுகிறது. 'கிருஷ்ணமூர்த்தி' என்றால் கண்ணுக்குத் தெரிவது 8 எழுத்து, சேமிக்க வேண்டியது 45 பைட். 'ஸ்ரீ' இன்னும் வேடிக்கை. பார்வைக்கு ஒரே எழுத்து, கணக்கில் 12 பைட்!

படிவம் ஏற்றது, டேட்டாபேஸ் மறுத்தது

பல நேரங்களில் டைப் செய்யும்போது எந்தத் தடையும் வராது. கடைசியில் பட்டனை அழுத்திய பிறகுதான் பிழை வரும். ஏனென்றால் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். திரையில் உள்ள கட்டம் துண்டுகளை எண்ணுகிறது. மீனாட்சிக்கு 8, வரம்பு 20, எனவே பிரச்சினை இல்லை. பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் பைட்டுகளை எண்ணுகிறது. 24 என்றதும் கதவைச் சாத்திவிடுகிறது.

நிறுவனங்களில் பரவலாகப் பயன்படும் ஆரக்கிள் டேட்டாபேஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் பெயருக்கான இடத்தை இப்படி ஒதுக்குவார்கள்:

```
name VARCHAR2(20)
```

இதை எழுதுபவர் 20 எழுத்து என்று நினைத்துத்தான் எழுதுவார். ஆனால் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஆரக்கிள் அதை 20 பைட் என்றே எடுத்துக்கொள்ளும். மீனாட்சி வந்ததும் உள்ளே பதிவாகும் பிழை இது:

```
ORA-12899: value too large for column ... (actual: 24, maximum: 20)
```

விண்ணப்பிப்பவர் கண்ணில் இந்த 24 படாது. 'பெயர் நீளம்' என்ற ஒற்றை வரிதான் அவருக்குத் தெரியும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்துப் பார்த்திருந்தால், மென்பொருள் செய்தவருக்கும் இது தெரிந்திருக்காது. ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒரே எண்ணிக்கைதான்.

மறுப்பதைவிட மோசமானது எது?

சில மென்பொருள்கள் மறுக்காமல், 20 பைட்டோடு பெயரை வெட்டிச் சேமித்துவிடும். அப்போது முதல் 18 பைட்டில் 'மீனாட்' வரை முழுசாக இருக்கும். மிச்சமுள்ள 2 பைட், 'ச' என்ற எழுத்தின் அரைகுறைப் பகுதி. அதைக் காட்ட முடியாமல் திரையில் இப்படி வரும்:

```
மீனாட்�
```

மறுத்தால் அப்போதே தெரிந்துவிடும். வெட்டினால் அச்சிட்ட சான்றிதழ் கைக்கு வரும்போதுதான் தெரியும். பிறகு இன்னோர் ஆவணத்தோடு ஒப்பிடும்போது 'பெயர் பொருந்தவில்லை' என்று அலைய வேண்டியது பெயருக்கு உரியவர்தான். அதனால் தமிழில் பெயர் கொடுத்தால், சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகைச் சீட்டில் கடைசி எழுத்து வரை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு எளிய சோதனை இருக்கிறது. அந்தக் கட்டத்தில் வெறும் 'க' எழுத்தை வரிசையாக அடித்துப் பாருங்கள். 20 என்று போட்ட இடத்தில் 6 'க' ஏற்று, 7-வதை மறுத்தால், அது பைட் கணக்கு. 30 என்றால் 10-ஓடு நின்றுவிடும். சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் மொபைலிலும் இதைப் பார்க்கலாம். வைஃபை பெயருக்கு அதன் தொழில்நுட்ப விதிப்படியே 32 பைட் தான் உச்சவரம்பு. 'மீனாட்சி வீடு' என்று வைக்க நினைத்தால் மீனாட்சிக்கு 24, இடைவெளிக்கு 1, வீடுக்கு 12 என மொத்தம் 37 பைட். அடங்காது. ஆங்கிலத்தில் 'Meenakshi Veedu' என்றால் வெறும் 15 தான்.

தீர்வு என்ன?

வைஃபை வரம்பு உலகம் முழுக்க உள்ள கருவிகளுக்குப் பொதுவானது, அதை யாரும் தனியாக மாற்ற முடியாது. ஆனால் படிவத்தின் வரம்பு, அதை உருவாக்கியவர் கையில் இருக்கிறது. ஆரக்கிளில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்:

```
name VARCHAR2(60 CHAR)
```

இப்போது அது பைட்டை விட்டுவிட்டுத் துண்டுகளை எண்ணும். ஆனால் இதிலும் மீனாட்சிக்கு 4 அல்ல, 8 தான் கணக்கு. அதனால்தான் 20-ஐ அப்படியே வைக்காமல் 60 என்று தாராளமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 20-ஆகவே விட்டால் தந்தை பெயரையும் சேர்த்து எழுதுபவர்கள் மறுபடியும் மாட்டிக்கொள்வார்கள். போஸ்ட்கிரெஸ், இன்றைய மைஎஸ்க்யூஎல் ஆகியவை ஆரம்பத்திலேயே துண்டுகளைத்தான் எண்ணுகின்றன. அங்கே வரம்பைப் பெரிதாக வைத்தாலே போதும்.

இந்தப் பிழையில் மாட்டிக்கொண்டவர்கள், பெயரைச் சுருக்கிக் கொடுத்துச் சமாளிக்காமல் இருப்பதே நல்லது. சுருக்கிய பெயர் ஓர் ஆவணத்தில் ஏறிவிட்டால், அதைத் திருத்துவது தனி வேலை. அதற்குப் பதிலாக பிழை வந்த திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'இந்தக் கட்டம் எழுத்துக்குப் பதிலாக பைட்டை எண்ணுகிறது, 20 என்று போட்ட இடத்தில் 6 'க' தான் ஏற்கிறது' என்று உதவி மையத்துக்கு எழுதலாம். 'பெயர் ஏறவில்லை' என்று மட்டும் எழுதினால், சுருக்கிப் போடுங்கள் என்றே பதில் வரும். இப்படி எழுதினால், எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று மென்பொருள் குழுவுக்கு நேராகப் புரிந்துவிடும்.