ஓபராவா, ஓரடோரியோவா: நடிப்பை நிறுத்தியதும் என்ன ஆனது?

1732-இல் லண்டனில் ஒரு விளம்பரம் வந்தது. ஹேண்டல் இசையமைத்த ‘எஸ்தர்’ கிங்ஸ் தியேட்டரில் பாடப்படும், ஆனால் மேடையில் நடிப்பு இருக்காது என்றது அது. ஓபரா பார்த்துப் பழகிய ஊரில், வேஷம் கட்டாமல் நின்று பாடினால் யார் காசு கொடுத்து வருவார்கள்? வந்தார்கள், நிறையவே வந்தார்கள்.

சில வாரங்களுக்கு முன்புதான் அரச தேவாலயத்துச் சிறுவர்கள் இதே ‘எஸ்தர்’ கதையை ஒரு விடுதியில் நடித்துப் பாடியிருந்தார்கள். பைபிள் கதையை நாடக அரங்கிலும் அப்படி நடிக்க லண்டன் பிஷப் எட்மண்ட் கிப்சன் அனுமதிக்கவில்லை. அதனால்தான் அந்த விளம்பரம்.

அப்போ, என்னதான் வித்தியாசம்?

தனிப்பாடல், பேச்சு மாதிரி போகும் பாட்டு, ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் இரண்டிலும் உண்டு. ஓபராவில் வேஷம், காட்சி அமைப்பு, நடிப்பும் சேரும். ஓரடோரியோவில் அவை கிடையாது. கதை பெரும்பாலும் பைபிளிலிருந்து வரும். ஓரடோரியோ என்றால் இத்தாலிய மொழியில் ஜெபக்கூடம். ரோமில் அத்தகைய கூடங்களில் பாடப்பட்டதால் இசைக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

இதை வைத்து ஓரடோரியோவை ‘வேஷம் இல்லாத ஓபரா’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். நடிப்பு போன இடத்தை ஹேண்டல் காலியாக விடவில்லை; கோரஸிடம் கொடுத்தார். அன்றைய இத்தாலிய ஓபராவில் கோரஸுக்குப் பெரிய வேலை கிடையாது, தனிப்பாடகர்தான் ராஜா. 1739-இல் வந்த ‘இஸ்ரேல் இன் ஈஜிப்ட்’ தலைகீழ். எகிப்தைத் தாக்கிய கொள்ளைநோய்களைப் பெரும்பாலும் கோரஸும் ஆர்க்கெஸ்ட்ராவுமே சொல்கின்றன. ஈக்கூட்டம் வரும் இடத்தில் வயலின்கள் வேகமாக ரீங்காரமிடும். மேடையில் ஈயைக் காட்ட முடியாது, காதில் காட்டிவிடலாம்.

எதிர்ப்பு ஓயவில்லை

1742-இல் டப்ளினில் ‘மெசாயா’ முதன்முதலாகப் பாடப்பட்டபோது, வசூல் மருத்துவமனைகளுக்கும் கடனுக்காகச் சிறையில் இருந்தவர்களுக்கும் போனது. அங்கே நல்ல வரவேற்பு. அடுத்த ஆண்டு லண்டனில் கதை வேறு. நாடகக் கொட்டகையில் இறைவார்த்தையைப் பாடலாமா என்று பத்திரிகையில் கேள்வி எழுந்தது. விளம்பரத்தில் ‘மெசாயா’ என்ற பெயரே இல்லை. புதிய புனித ஓரடோரியோ என்று மட்டும்தான் இருந்தது. 1750 முதல் ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் மருத்துவமனையின் தேவாலயத்தில், அந்தக் குழந்தைகளுக்காகவே பாடப்பட்ட பிறகுதான் லண்டன் மனம் மாறியது.

இன்று காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 1996-இல் கிளைண்ட்போர்ன் விழாவில் ஹேண்டலின் ‘தியோடோரா’ முழு நாடகமாகவே மேடையேறி, பாராட்டும் பெற்றது. அதில் தவறில்லை. ஆனால் இயக்குநர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கோரஸ் ஏற்கெனவே காட்டிவிட்டதை மறுபடி கண்ணுக்குக் காட்டினால் கேட்பவரின் கற்பனைக்கு வேலை இருக்காது. தடையால் வந்ததுதான் என்றாலும், நடிக்காமல் நிற்பதுதான் ஓரடோரியோவின் பலம்.