மூன்று பேர்... மூன்று மௌனங்கள்!

கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் மூன்று பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த அத்தை, மூவருக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சுத்த கூச்ச சுபாவம்!" ஆனால், ஒவ்வொருவருக்கும் உள்ளே நடப்பது வேறு.

முதலாவது, வங்கியில் வேலை பார்க்கும் பெண். எல்லோரையும் நலம் விசாரித்து, மணமக்களோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் அவருக்குப் போதும் என்றாகிவிட்டது. பயமெல்லாம் இல்லை, தனியாக இருந்தால்தான் அவருக்குத் தெம்பு திரும்பும். இவர் 'இன்ட்ரோவெர்ட்'. இது குணம், குறையல்ல.

அடுத்தவள், பிளஸ் ஒன் மாணவி. பேச ஆசைதான், முதல் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. சித்தி மகள் கையைப் பிடித்து இழுத்துப் போனதும், அரை மணி நேரத்தில் இவள் சிரிப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. இதுதான் கூச்சம். பழகப் பழகக் கரையும்.

மூன்றாவது, கல்லூரி மாணவன். அழைப்பிதழ் வந்த நாளிலிருந்தே அவனுக்கு வயிற்றைப் பிசைகிறது. நாலு பேர் எதிரில் சாப்பிட்டால் கை நடுங்கும், எல்லோரும் அதையே பார்ப்பார்கள் என்ற பயம். "பசிக்கல" என்று பந்திக்கே போகவில்லை. இரவில், 'மாமா என்னைப் பார்த்துத்தான் சிரித்தாரோ' என்று தூக்கம் வராமல் புரள்கிறான். இதே பயத்தால் செமினாருக்கும் போகாமல் மதிப்பெண்ணை இழந்திருக்கிறான். இதுதான் 'சோஷியல் ஆங்சைட்டி'. இப்படிப்பட்ட பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ கெடுத்தால், மருத்துவர்கள் இதைச் சிகிச்சை தேவைப்படும் பிரச்னையாகப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் வீட்டார் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் அவனுக்குப் பதிலாகத் தாங்களே பேசிவிடுகிறார்கள். தப்பித்த நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த நிம்மதியே அடுத்த முறையும் தப்பிக்கச் சொல்லும். பயம் வளரும். இன்னும் சிலர், 'தெளியட்டும்' என்று ஒரேயடியாக மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். அதில் அவமானம்தான் மிஞ்சும்.

உளவியல் சிகிச்சையில் படிப்படியாகப் பழக்குவார்கள். முதலில் நண்பனோடு டீக்கடையில் டீ. பதற்றம் தணியும்வரை அதையே பல நாள் செய்ய வேண்டும். பிறகு நாலு பேரோடு கேன்டீன் சாப்பாடு. அப்புறம் பந்தி. ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் 'என்ன நடக்கும்' என்று பயப்படுவதை எழுதி, வந்தபின் உண்மையில் நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுவான். கை லேசாக நடுங்கியிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

ஒருவருக்கே இவற்றில் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். கலகலப்பாகப் பேசுபவருக்குள்ளும் இந்தப் பதற்றம் ஒளிந்திருக்கலாம். அதனால், "ஏன் பேசல?" என்று கேட்பதைவிட, "வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, வீட்டுக்குப் போனதும் எப்படி இருந்துச்சு?" என்று தனியாகக் கேளுங்கள். 'களைப்பு' என்றால் ஓய்வு கொடுங்கள். 'பயம்' என்றால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.