ஏலத்தோட்டத்துக்கு பர்சனல் லோனா? வட்டி எப்ப ஏறுதுன்னு பாருங்க!

போடிநாயக்கனூர் பக்கத்துல இருந்து சென்னை, பெங்களூருன்னு வேலைக்குப் போன நிறைய பேர் செய்யற ஒரு விஷயம் இது. மலைல அப்பாவோட ஏலத்தோட்டத்துக்கு உரம், மருந்துன்னு பணம் தேவைப்படும். "எனக்கு ஆப்லயே லோன் கிடைக்கும்பா, காய் வித்ததும் அடைச்சிரலாம்"னு தன் பேர்ல பர்சனல் லோன் போட்டுருவாங்க. இது தப்புங்கிறது என் கருத்து. ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்.

கடன் 1,00,000 ரூபாய், வட்டி 12%, 3 வருஷம். நடுவுல எதுவுமே கட்டலைன்னு வெச்சுக்குங்க.

தனிவட்டின்னா வருஷம் 12,000, மொத்த வட்டி 36,000. வருஷா வருஷம் கூட்டுவட்டின்னா 40,493. மாசா மாசம் கூட்டுனா `1,00,000 × (1.01)^36`, வட்டி மட்டும் 43,077. வட்டி விகிதம் ஒண்ணுதான், ஆனா 7,077 ரூபாய் வித்தியாசம்!

இப்ப ஒரு சின்ன மாற்றம். அதே மாசக் கூட்டுவட்டிக் கடன்ல, மாசாமாசம் அந்த 1,000 ரூபாய் வட்டியைக் கட்டிட்டே வந்தா? 36 மாசத்துக்கு 36,000தான், தனிவட்டி அளவேதான். ஆக, கட்டாம விட்ட வட்டிதான் குட்டி போடுது. மாசச் சம்பளக்காரருக்கு மாசக் கூட்டுவட்டி பெரிய பயம் இல்லை.

ஆனா ஏலக்காய்க்கு மாசச் சம்பளம் கிடையாது. வருஷத்துல சில மாசம்தான் காய் எடுப்பு. ஸ்பைசஸ் போர்டு ஏலத்துல வித்தாதான் காசு. ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியும். 2002 ஏப்ரல்ல மற்ற கடன்களுக்கு மாசா மாசம் வட்டி போடற முறையைக் கொண்டுவந்தப்போ, விவசாயக் கடனுக்கு அது வேண்டாம், பயிர்ப் பருவத்தை ஒட்டியே போடுங்கன்னு சொல்லிருச்சு. கெடு தாண்டாத வரைக்கும் அதுல வட்டிக்கு வட்டி கிடையாது.

நீங்க பர்சனல் லோன் எடுத்தா, அந்தப் பாதுகாப்பை நீங்களே தூக்கிப் போடறீங்க. மழை தப்பி, விலை இறங்கி, வீட்ல இருந்து பணம் வரலைன்னா இஎம்ஐ உங்க சம்பளத்துல இருந்துதான் போகும். அதுவும் தவறினா அபராதம் தனி, சிபில் ஸ்கோரும் அடிவாங்கும்.

உங்க கடன் எந்த வகைன்னு ஸ்டேட்மென்ட்ல கண்டுபிடிக்கலாம். எதுவும் கட்டாத காலத்துல வட்டி 1,000, 1,000னே நின்னா தனிவட்டி. 1,000, 1,010, 1,020னு நகர்ந்தா மாசக் கூட்டு. ஒரு வருஷம் 1,000ல நின்னு 13வது மாசம் 1,120 ஆனா வருஷக் கூட்டு. 30 நாள், 31 நாள்னு மாசத்துக்கு மாசம் கொஞ்சம் ஏறி இறங்கும், அதை விட்டுருங்க.

தோட்டத்துக்குக் கடன் வேணும்னா, பட்டா அப்பா பேர்ல இருந்தா, அவர் பேர்லயே விவசாயக் கடன் கேளுங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, "வட்டியை அசல்ல எப்ப சேர்ப்பீங்க சார்?"னு ஒரு கேள்வி கேட்டுருங்க.