வாராவாரம் டெம்ப் துடைக்கும் சடங்கு

விண்டோஸ் விசையோடு R எழுத்தை அழுத்து. `%temp%` என்று தட்டு. வந்து நிற்பதை எல்லாம் தேர்ந்தெடுத்து அழி. அடுத்து `prefetch` என்று தட்டி, அதையும் காலி செய். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் லேப்டாப் பறக்கும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். யூடியூபிலும் அதையே சொல்கிறார்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் சொல்கிறார். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதைப் போல இதை ஒரு நியமமாகவே கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வீடு கழுவினால் வீடாவது சுத்தமாகும். இந்தச் சடங்கில் லேப்டாப்பின் வேகம் கூடுவதில்லை. காலியிடம்கூடப் பல நேரம் கூடுவதில்லை.

இடத்தின் கதையை முதலில் பார்ப்போம். டெம்ப் கோப்புறையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெறும் Delete விசையை அழுத்தினால் அவை எங்கே போகின்றன? ரீசைக்கிள் பின்னுக்கு. ரீசைக்கிள் பின் எங்கே இருக்கிறது? அதே C டிரைவில். ஓர் அறையில் இருந்த குப்பை அதே வீட்டின் இன்னோர் அறைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பின்னைக் காலி செய்யும் வரை ஒரு மெகாபைட்கூடத் திரும்ப வராது. வாராவாரம் விடாமல் துடைத்தும் டிரைவ் சிவப்பாகவே நிற்கிறது என்று புலம்புபவர்கள் முதலில் அந்தப் பின்னைத் திறந்து பார்க்கட்டும்.

வேகத்தின் கதை இன்னும் மோசம். டெம்பில் சும்மா கிடக்கும் கோப்பை விண்டோஸ் ஓயாமல் படித்துக்கொண்டிருப்பதில்லை. அது இடத்தை அடைக்கும், மற்றபடி கிடந்த இடத்தில் கிடக்கும். டிரைவ் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பி வழியும் நிலையில் எஸ்எஸ்டி எழுதும் வேகம் குறைவது உண்மைதான். அதற்குச் சில நூறு மெகாபைட் டெம்ப் மருந்தாகாது. `prefetch` விஷயத்திலோ சடங்கு நேர்எதிராக வேலை செய்கிறது. எந்த மென்பொருள் திறக்கும்போது எந்தெந்தக் கோப்புகள் தேவைப்பட்டன என்ற குறிப்பை, அடுத்த முறை அது சீக்கிரம் திறக்கட்டும் என்பதற்காக விண்டோஸ் எழுதிவைக்கும் இடம் அது. எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு. குறிப்புகளின் எண்ணிக்கைக்கு விண்டோஸே வரம்பு வைத்து, பழையதைத் தானே கழித்துக்கொள்கிறது. அதை அழித்தால் கிடைப்பது சில மெகாபைட். இழப்பது, திறப்பதற்கான அந்தத் தயாரிப்பு. மறுநாள் எல்லாம் சற்று மெதுவாகத் திறக்கும். வேகத்துக்காகச் செய்த காரியம் இது!

வாதத்துக்கு ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். 256 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம். விண்டோஸ் இதை 238 ஜிபி என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு, திருட்டு ஒன்றும் இல்லை. அதில் 10 ஜிபிதான் மீதம். உரிமையாளர் Shift+Delete கொடுத்து டெம்பைத் துடைக்கிறார், 600 எம்பி கிடைக்கிறது. அவர் கண்ணில் படாதவை என்ன? ரீசைக்கிள் பின்னில் மாதக்கணக்கில் சேர்ந்தவை. விண்டோஸ் அப்டேட் விட்டுச்சென்ற மிச்சங்கள். ஹைபர்னேட் செய்வதற்கென்று ஒதுக்கிய `hiberfil.sys`, பொதுவாக ரேமில் 40 சதவீதம், அதாவது சுமார் 3 ஜிபி. பிறகு Downloads கோப்புறையில் ஒருமுறை பார்த்து மறந்த வீடியோக்கள். டெம்பை எத்தனை வெள்ளிக்கிழமை துடைத்தாலும் இவற்றில் ஒன்றும் அசையாது.

"அதான் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கிறோமே, பயன்பாட்டில் உள்ளதை விண்டோஸ் தடுத்துவிடும், Skip கொடுத்தால் போதும்" என்பார்கள். தடுப்பது உண்மை. ஆனால் அது இந்த நிமிடம் திறந்திருக்கும் கோப்பை மட்டுமே தடுக்கும். இப்போது மூடியிருந்து, நாளை தேவைப்படப்போகும் கோப்பை அது தடுக்காது. ஒரு மென்பொருளை நிறுவுகிறீர்கள், ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறது, "அப்புறம்" என்று தள்ளிப்போடுகிறீர்கள். மீதி வேலைக்கான கோப்புகள் டெம்பில் காத்திருக்கக்கூடும். அந்த நேரம் பார்த்துச் சடங்கை நடத்தினால், மறுநாள் நிறுவல் பாதியில் நிற்கும். காரணம் யாருக்கும் புரியாது. பழைய டிஸ்க் கிளீனப் டெம்ப் கோப்புகளில் 7 நாளுக்கு மேல் பழையதை மட்டுமே தொட்டதற்கு இதுதான் காரணம். வயது பார்த்து அழிப்பது நிரலுக்கு வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் விரலுக்கு வராது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கையால் செய்யச் சோம்பல், அதனால் ஏதோ ஒரு 'கிளீனர்' மென்பொருளை இறக்கிவைப்பார்கள். 2017இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கட்டும். அப்படிப்பட்டவற்றில் மிகப் பிரபலமான சிகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே தாக்குதல்காரர்கள் தீநிரலைப் புகுத்தினார்கள். அந்தப் பதிப்பு 22 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்குப் போனது.

அதே 2017இல்தான் விண்டோஸ் 10க்குள் ஸ்டோரேஜ் சென்ஸ் வந்தது. காசில்லை, பதிவிறக்கம் இல்லை. Settings, System, Storage என்று போனால் Storage Sense கண்ணில் படும். அதை இயக்கிவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. இயல்பு நிலையில் அது During low free disk space என்று இருக்கும். டிரைவ் நிரம்பும் வரை தூங்கும் என்று பொருள். உள்ளே போய் அதை Every week என்று மாற்றுங்கள். மேலே, தற்காலிகக் கோப்புகளைத் தானாக நீக்கச் சொல்லும் கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும். ரீசைக்கிள் பின்னுக்கு 30 நாள் கொடுங்கள். தவறுதலாக அழித்ததை மீட்க ஒரு மாதம் தாராளம்.

Downloads கோப்புறைக்கு மட்டும் Never. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. பத்திரப் பதிவு நகலும் ஹால் டிக்கெட்டும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அங்கேதான் கிடக்கின்றன. 60 நாள் திறக்கவில்லை என்பதால் அவை குப்பையாகிவிடாது. ஒன்டிரைவ் பகுதியில், இணையம் நிலையில்லாத ஊரில் இருப்பவர்கள் அதையும் Never என்றே வைக்கலாம். இல்லாவிட்டால் நெடுநாள் தொடாத கோப்பு மேகத்தில் மட்டும் தங்கிவிடும். நெட் இல்லாத நேரத்தில் திறக்காது.

கடைசியில் Run Storage Sense now என்ற பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு இடம் மீண்டது என்று அதுவே சொல்லும். சில வாரம் கழித்து டெம்பைத் திறந்து தேதிவாரியாக அடுக்கினால், வேலை நடக்கிறதா என்பது தெரிந்துவிடும். மாதக்கணக்கில் பழையவை கும்பலாக நின்றால் அமைப்பில் எதையோ விட்டிருக்கிறீர்கள்.

இதற்கும் எல்லை உண்டு. இது C டிரைவுக்கான ஏற்பாடு. ஹைபர்னேட் கோப்பைத் தொடாது, உங்கள் வீடியோக்களையும் தொடாது. ஜிப்புக்குள் இருக்கும் வேர்டு கோப்பை அப்படியே திறந்து திருத்துபவர்களையும் இது காப்பாற்றாது. அந்தக் கோப்பு திறப்பதே டெம்புக்குள்தான், சேமிப்பதும் அங்கேயே விழுந்துவிடுவது உண்டு. ஜிப்பை முதலில் Extract All கொடுத்து வெளியே எடுத்துவிட்டுத் திருத்த வேண்டும். துடைப்பது கையாக இருந்தாலும் நிரலாக இருந்தாலும் டெம்ப் என்பது பத்திரப்படுத்தும் இடம் அல்ல.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாராவாரச் சடங்கைச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போதே இந்த அமைப்பைச் செய்து கொடுங்கள். வீட்டில் தாங்களே செய்துகொள்பவர்கள் பக்கத்தை மூடும்முன், Downloads வரியில் Never என்றுதான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.